பீடியும் டி.பி.யும்: கிருமி இருக்க, பழி புகைக்கு ஏன்?

டி.பி. என்று நாம் சொல்லும் காசநோயைக் கொண்டுவருவது ஒரு கிருமி. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் பெர்லினில் அதை அறிவித்தார். அந்த விஷயத்தில் இன்று யாருக்கும் சந்தேகம் கிடையாது. அப்படியிருக்க, "பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு டி.பி. வர்ற வாய்ப்பு அதிகம்" என்று டாக்டர் சொன்னால் குழப்பம் வருவது நியாயம்தான். நோயைத் தருவது கிருமி என்றால் புகைக்கு அங்கே என்ன வேலை?

மதுரை கோச்சடையில், மேலக்கால் ரோட்டு டீக்கடை ஒன்றில் இதே கேள்வியை அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் கேட்டார். அவருடைய தம்பி டி.பி. மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்றாவது மாதம். உடம்பு தேறியதும் தம்பியின் சட்டைப் பையில் மறுபடியும் பீடிக்கட்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர், பீடியைக் கண்டு சத்தம் போட்டிருக்கிறார்.

"ஏந்தாயி, டி.பி.ங்கறது கிருமியில வர்ற நோவுதானே? அதுக்குத்தான் மாத்திரை திங்கறான்ல. பீடிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எங்கய்யா எம்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு. ஒரு நாளு இருமுனதில்ல."

"உங்கய்யா ஒருத்தருண்ணே. ஒருத்தரை வச்சு எப்படிச் சொல்றது? ஆயிரம் பேரைப் பாக்கணும்ல."

அந்தப் பெண் சொன்னது சரிதான். ஆனால் ஆயிரம் பேரைப் பார்த்துவிட்டால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. புகைக்கிற ஆயிரம் பேரில் டி.பி. அதிகம், புகைக்காத ஆயிரம் பேரில் குறைவு என்று தெரிந்தால், இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்று மட்டுமே சொல்லலாம். ஒன்றினால்தான் மற்றது வந்தது என்று சொல்ல இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பீடி, டி.பி. விஷயத்தில் அந்த நடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பிடித்தது. அதில் பெரும்பங்கு தமிழ்நாட்டு மண்ணில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1956-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் லோவ் என்ற மருத்துவர், டி.பி. நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நோயாளிகளிடையே புகைக்காதவர்கள் குறைவாகவும், நிறையப் புகைப்பவர்கள் அதிகமாகவும் இருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1961-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. பிரவுன், கேம்பெல் என்ற இருவர், குடிப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்து ஒரே அளவு குடிப்பவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டபோது, புகையால் வந்ததாகத் தெரிந்த வித்தியாசம் காணாமல் போனது. அதாவது குடிக்கிறவர் புகைக்கவும் செய்வார், டி.பி.க்கு வழி விட்டது குடியாக இருக்கலாம், புகை வெறுமனே பக்கத்தில் நின்றிருக்கலாம். திருட்டு நடந்த வீட்டு வாசலில் நின்ற காரணத்துக்காக ஒருவனைப் பிடித்துப் போட்ட மாதிரி. இந்த மறுப்புக்குப் பிறகு இந்தப் பேச்சு பல வருஷம் அப்படியே கிடந்தது.

இந்த மாதிரி வழக்குகளை எப்படி விசாரிப்பது என்று 1965-இல் லண்டனில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தியவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை ரிச்சர்ட் டாலுடன் சேர்ந்து காட்டியவர். டி.பி.க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வைத் திட்டமிட்டவரும் இவரே. இதில் இன்னொரு விசேஷம், முதல் உலகப் போரின்போது அவருக்கே டி.பி. வந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். டாக்டருக்குப் படிக்கும் ஆசை அதனால்தான் கைவிட்டுப் போனது. ஒரு தொடர்பைக் காரணம் என்று சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று அவர் ஒன்பது விஷயங்களைச் சொன்னார். ஒன்பதும் இங்கே வேண்டாம். மூன்று போதும்: வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆள் பார்த்தாலும் அதே தொடர்பு தெரிகிறதா? காரணம் என்று சொல்லப்படுவது முதலில் வந்ததா? அது கூடக் கூட நோயும் கூடுகிறதா?

மூன்றாவதிலிருந்து தொடங்கலாம். அதற்கான கணக்கு சென்னையில் கிடைக்கிறது.

சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிறுவனத்தில் (அப்போது அதன் பெயர் காசநோய் ஆராய்ச்சி மையம்) கோலப்பன், கோபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 20 முதல் 50 வயது வரையிலான ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். சளியில் கிருமி இருப்பது உறுதியான 85 பேர் ஒரு பக்கம். நோய் இல்லாத, அதே வயதையொத்த 459 பேர் மறுபக்கம். 2002-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, புகைக்காதவரின் வாய்ப்பை 1 என்று வைத்தால் புகைப்பவருக்கு அது கிட்டத்தட்ட இரண்டே கால் மடங்கு.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. புகைப்பவர்களையே மூன்றாகப் பிரித்தார்கள். நாளொன்றுக்குப் பத்து வரை பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு 1.75 மடங்கு. பதினொன்று முதல் இருபது வரை என்றால் 3.17 மடங்கு. இருபதுக்கு மேல் போனால் 3.68 மடங்கு. எத்தனை வருஷமாகப் பழக்கம் என்று பிரித்தாலும் அதே ஏணிதான். பத்து வருஷத்துக்கு உட்பட்டவர்களுக்கு 1.72, இருபது வருஷம் வரை 2.45, அதற்கும் மேலே 3.23.

இதில் 3.17-க்கும் 3.68-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மொத்தமே 85 நோயாளிகள். அவர்களை மூன்று கூறாக்கினால் ஒவ்வொன்றிலும் சிலர்தான் மிஞ்சுவார்கள். நாலு பேர் இடம் மாறினால் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் மாறிவிடும். பார்க்க வேண்டியது படிகள் எந்தப் பக்கம் ஏறுகின்றன என்பதை. எண்ணிக்கையில் பார்த்தாலும் வருஷத்தில் பார்த்தாலும் அவை ஒரே பக்கம்தான் ஏறுகின்றன.

ஆனாலும் ஒரு குறும்பான கேள்வி உண்டு. நிறையப் புகைக்கிறவர் நிறையக் குடிக்கிறவராகவும் இருந்தால்? அப்போது குடியும் படிப்படியாக ஏறும். ஏணி புகையுடையதா, குடியுடையதா என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாதுதான். அளவுக்கேற்ப நோய் கூடுவது நல்ல சாட்சி. ஆனால் பக்கத்தில் நிற்பவனும் அதே அளவில் கூடினால் அந்தச் சாட்சி திணறிப்போகும். குடி விஷயத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வரலாம். அதற்கு முன்னால் முதலில் வந்தது எது என்பதைப் பார்த்துவிட வேண்டும். அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

டி.பி. ஒரே நாளில் வருவதில்லை. வாரக்கணக்கில் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று மெதுவாகத்தான் பிடிக்கும். இருமல் வந்த ஆள் என்ன செய்வார்? பல பேர் அந்த வாரமே பீடியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து நோய் உறுதியாகி, "பீடி குடிப்பீங்களா?" என்று ஆய்வுக்காரர் கேட்டால், "இல்லீங்க, விட்டுட்டேன்" என்பதுதான் பதில்.

இது கணக்கை எப்படிக் கெடுக்கும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். டி.பி. நோயாளிகள் 100 பேர். அவர்களில் 60 பேர் புகைத்தவர்கள், 40 பேர் புகைக்காதவர்கள். நோயில்லாத 100 பேரில் 40 பேர் புகைப்பவர்கள், 60 பேர் புகைக்காதவர்கள். நோயாளிகள் பக்கம் 60-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை. அந்தப் பக்கம் 40-ஐ 60-ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு. ஒன்றரையை மூன்றில் இரண்டால் வகுத்தால் 2.25. தொடர்பு பளிச்சென்று தெரிகிறது. இப்போது அந்த 60 பேரில் 20 பேர் இருமலுக்குப் பயந்து விட்டுவிட்டு, "புகைப்பதில்லை" என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் பக்கம் 40-க்கு 60 ஆகிவிடும். மறுபக்கமும் 40-க்கு 60. விடை 1. இருந்த தொடர்பு, கேள்வி கேட்ட நேரம் சரியில்லாததால் மாயமாகிவிட்டது.

ஆகவே ஒரு ஆய்வில் "இப்போது புகைக்கிறீர்களா" என்று கேட்டார்களா, "எப்போதாவது புகைத்ததுண்டா" என்று கேட்டார்களா என்பது சின்ன விஷயமில்லை. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி அவர்களுடைய குடும்பத்தாரிடம் விசாரித்து, உயிரோடிருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. வேந்தன் கஜலட்சுமியும், ரிச்சர்ட் பீட்டோ முதலான சிலரும் செய்தது. அதில் ஒப்பிட்டது எப்போதாவது புகைத்தவர்களையும், ஒருபோதும் புகைக்காதவர்களையும். இருமல் வந்து நிறுத்தியவரும் இதனால் புகைத்தவர் கணக்கிலேயே நின்றார். டி.பி.யால் இறக்கும் வாய்ப்பு, புகைத்த நகரவாசிகளுக்கு 4.5 மடங்காகவும் கிராமத்தாருக்கு 4.2 மடங்காகவும் இருந்தது.

ஆனாலும் இதெல்லாம் நோய் வந்த பின்போ, உயிர் போன பின்போ பழைய கதையைத் தோண்டும் முறை. எது முதலில் என்பதற்கு முழு விடை வேண்டுமென்றால், பழக்கத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, நோய் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். ஹாங்காங்கில் அதைச் செய்தார்கள். 2000-ஆம் ஆண்டில் முதியோர் சுகாதார மையங்களில் பதிவு செய்துகொண்ட, 65 வயதைக் கடந்த 42,655 பேரின் புகைப்பழக்கம் அன்றைக்கே எழுதப்பட்டது. பிறகு 2002 முடிவு வரை, அடையாள அட்டை எண்ணைக் கொண்டு அரசின் காசநோய்ப் பதிவேட்டில் யார் பெயர் வருகிறது என்று பார்த்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு என்று கணக்கிட்டால், ஒருபோதும் புகைக்காதவர்களில் 174 பேருக்கு நோய் வந்தது. புகைத்துவிட்டு நிறுத்தியவர்களில் 427. இன்னும் புகைப்பவர்களில் 735. புகைப்பவர்களுக்குள்ளும் நாளொன்றுக்கு அதிகம் பிடித்தவர்களுக்கே அதிகம் வந்தது.

நிறுத்தியவர்கள் நடுவில் நிற்பதைக் கவனியுங்கள். விட்டதன் பலன் அது என்று எடுத்துக்கொள்ள ஆசையாக இருக்கும். ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருமலால் விட்டவர்கள் சிலரும் கலந்திருப்பார்கள், அவர்கள் அந்த எண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கியிருப்பார்கள். எனவே 427 என்ற எண்ணை விட, 174-க்கும் 735-க்கும் உள்ள தூரத்தைத்தான் நம்பிப் பேச முடியும்.

இனி குடிக்கு வரலாம். 1961-இன் ஆஸ்திரேலிய மறுப்பை வெல்ல வேண்டுமென்றால் குடியை ஒதுக்கிவைத்துப் பார்க்க வேண்டும். இந்தியா முழுவதிலும் நடந்து 2008-இல் வெளிவந்த ஒரு ஆய்வு அதைச் செய்தது. பிரபாத் ஜா தலைமையில், இறந்துபோன சுமார் 74,000 பேரையும் உயிரோடிருக்கும் சுமார் 78,000 பேரையும் ஒப்பிட்டார்கள். வயது, படிப்பு, குடிப்பழக்கம் மூன்றையும் சரிக்கட்டிய பிறகும் டி.பி.யால் இறக்கும் வாய்ப்பு புகைக்கும் ஆண்களுக்கு 2.3 மடங்கு. புகைக்கும் பெண்களுக்கு 3 மடங்கு. பெண்களின் கணக்கு இங்கே மிக முக்கியம். நம் நாட்டில் குடிக்கும் பெண்கள் ஆண்களை விட மிகக் குறைவு. குடிதான் உண்மையான குற்றவாளி என்றால் பெண்களிடம் தொடர்பு மெலிந்திருக்க வேண்டும். மெலியவில்லை.

பல இடங்களில் ஒரே முடிவு வருவதன் பலம் இதில்தான் இருக்கிறது. ஒரே மாதிரி ஆட்களிடம் ஒரே மாதிரி கேட்டு பத்து முறை ஒரே பதிலை வாங்கினால், பத்து முறையும் ஒரே தவறைச் செய்திருக்கலாம். சென்னை இளைஞர், விழுப்புரம் விவசாயி, ஹாங்காங் முதியவர், வட இந்தியக் கிராமத்துப் பெண் என்று ஆளும் முறையும் மாறியும் விடை ஒரே பக்கம் சாய்ந்தால், எல்லோரையும் ஒரே மாதிரி ஏமாற்றிய வேறொரு காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். 2007-இல் மூன்று தனித்தனிக் குழுக்கள் உலக ஆய்வுகளைத் திரட்டி, புகைப்பவருக்கு டி.பி. வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்ற அளவிலேயே வந்து நின்றன. ஆனால் மூன்று குழுக்கள் என்பதால் மூன்று சாட்சிகள் என்று எண்ணிவிடக் கூடாது. மூவரும் எடுத்தாண்டவை பெரும்பாலும் அதே ஆய்வுகள்தான்.

ஒற்றுமை மட்டும் போதாது என்பதற்கு வேறொரு கதை. கேரட் போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்லிக்கொண்டிருந்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களைச் சேர்த்து, அதில் ஒரு பகுதியினருக்கு அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். காய்கறி விரும்பிச் சாப்பிடுபவர் வேறு பல விதத்திலும் உடம்பைப் பார்த்துக்கொள்பவர் என்பதை அத்தனை ஆய்வுகளும் சேர்ந்தே தவறவிட்டிருந்தன. டி.பி.யில் யாரையும் பீடி பிடிக்கச் சொல்லிச் சோதிக்க முடியாது என்பதால், அளவு, முன்பின், இட ஒற்றுமை மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அந்தக் கிருமிக் கேள்வி. கிருமி உள்ளே போன எல்லோருக்கும் டி.பி. வருவதில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெடிக்கிறது. மற்றவர்களிடம் உடம்பு அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மூச்சுக்குழாயில் உள்ள நுண்மயிர்கள் தூசியையும் கிருமியையும் மேலே தள்ளும். நுரையீரலின் காற்றறைகளில் உள்ள விழுங்கும் செல்கள் மிச்சத்தைப் பிடித்து வைக்கும். புகை இரண்டையும் பலவீனமாக்குகிறது. கிருமி இல்லாமல் டி.பி. வராது என்பது எவ்வளவு உண்மையோ, கிருமி மட்டும் இருந்தால் போதாது என்பதும் அவ்வளவு உண்மை. கோச்சடைக்காரரின் அப்பா எண்பது வயது வரை நன்றாக இருந்ததும் இதற்குள் அடங்கும். இரு மடங்கு வாய்ப்பு என்றால் எல்லோருக்கும் நிச்சயம் என்று அர்த்தமில்லை.

சாவில் நான்கு மடங்குக்கு மேலும், நோயில் இரண்டு மடங்குக்கு மேலும் என்று எண்கள் வேறுபடுகின்றனவே என்று சந்தேகம் வரலாம். இரண்டும் ஒரே கேள்வி அல்ல. நோய் பிடிப்பது ஒன்று. பிடித்த பின் தேறாமல் போவது இன்னொன்று. புகை இரண்டு இடத்திலும் கை வைத்தால் சாவுக் கணக்கில் இரண்டும் சேர்ந்து பெரிதாகத் தெரியும்.

கோச்சடைத் தம்பிக்கு நேரடியாகப் பொருந்துகிற ஆய்வு ஒன்று இருக்கிறது. அதே சேத்துப்பட்டு நிறுவனம், திருவள்ளூர் மாவட்டத்தில் சிகிச்சை முடித்து குணமானவர்கள் 503 பேரை ஒன்றரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005-இல் முடிவை வெளியிட்டது. 62 பேருக்கு, அதாவது எட்டில் ஒருவருக்கு, நோய் திரும்பி வந்தது. திரும்ப வரவைத்தவை எவை என்று பிரித்தபோது மூன்று நின்றன. தொடக்கத்திலேயே மருந்துக்கு அடங்காத கிருமி ஒன்று. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதது இன்னொன்று, அதற்கு 2.5 மடங்கு. மூன்றாவது புகை, அதற்கு 3.1 மடங்கு. இங்கேயும் புகை முதலில், நோய் திரும்பியது பின்னால். புகைப்பவர்தான் மாத்திரையையும் தவறவிடுவார், அதனால்தான் இப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. மாத்திரைக் கணக்கைத் தனியாக எடுத்துவைத்த பிறகு மிஞ்சியதுதான் அந்த 3.1.